சம்பளமும் ஒரு முதலீடுதான்: அக்காவுக்கு 83, தம்பிக்கு 40

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை எடுத்துவிட்டு, கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு நேயர் கேள்வியிலிருந்து தொடங்குது. காந்திபுரத்திலிருந்து எழுதியிருக்கார். அவர் அனுமதியோட, அடையாளம் தெரியாத மாதிரி மாத்திச் சொல்றேன். எண்களையும் ஒப்பிடுவதற்கு வசதியாகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. தம்பி சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறார், அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான ப்ராஜெக்ட். அக்காவுக்கு 36, தம்பிக்கு 34. கணக்குக்கு இரண்டு பேருக்கும் 35 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் கைக்கும் மாதம் 60,000 வருகிறது, 45,000 செலவாகிறது, 15,000 மிச்சம். இதுவரை சேர்த்தது ஆளுக்கு 20 லட்சம்.

அக்காவின் 20 லட்சம் முழுக்க வங்கி எஃப்டி, போஸ்ட் ஆபீஸ், கொஞ்சம் தங்கம். தம்பியின் 20 லட்சம் முழுக்க மியூச்சுவல் ஃபண்ட். அதிலும் பாதி ஸ்மால் கேப், கால்வாசி ஐடி துறை ஃபண்ட். தம்பி கேட்பது இதுதான்: "அக்கா ரொம்பப் பயப்படுறாங்க, நான் தைரியமா இருக்கேன். அவங்களை எப்படிக் கொஞ்சம் பங்குச் சந்தை பக்கம் கொண்டுவர்றது?"

கேள்வியில் பாதி சரி. அக்கா பங்குப் பக்கம் வரலாம். ஆனால் அதைவிட அவசரமாகத் தம்பி பங்கிலிருந்து கொஞ்சம் வெளியே வர வேண்டியிருக்கு. ஏன் என்பதுதான் இந்த எபிசோட்.

100-லிருந்து வயதைக் கழிப்பது

நம்மூரில் எந்த ஏஜென்ட்டைக் கேட்டாலும் ஒரு விதி சொல்வார். 100-லிருந்து உங்கள் வயதைக் கழிங்க, மிச்சம் வரும் சதவீதத்தைப் பங்கில் போடுங்க. 35 வயசுன்னா 65 சதவீதம். அக்காவுக்கும் 65, தம்பிக்கும் 65.

இந்த விதிக்கு வயது மட்டும்தான் தெரியும். அந்த ஆளுக்கு மாசம் ஒண்ணாந்தேதி எங்கிருந்து பணம் வருது என்று தெரியாது. ஆனால் 35 வயதில் ஒருவருடைய பெரிய சொத்து பெரும்பாலும் வங்கியில் இருப்பதில்லை. இனிமேல் வரப்போகும் சம்பளம்தான் அது. ஸ்டேட்மெண்டில் வராது, டீமேட் கணக்கில் தெரியாது. பொருளாதாரத்தில் இதற்கு மனித மூலதனம் என்று பெயர். கேரி பெக்கர் 1964-ல் அந்தப் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய கவலை படிப்பு, பயிற்சி பற்றியது. அதை முதலீட்டுப் பக்கம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் போடி, மெர்ட்டன், சாமுவேல்சன் மூன்று பேரும். 1992-ல் அவர்கள் எழுதிய கட்டுரையின் அடிப்படை எளிமையானது: பங்கு எவ்வளவு, பாண்ட் எவ்வளவு என்று பிரிக்கும்போது கையில் இருக்கும் பணத்தை மட்டும் பார்க்காதே, வரப்போகும் சம்பளத்தையும் அதே தராசில் வை.

தராசில் வைத்தால் அடுத்த கேள்வி வருகிறது. அந்தச் சம்பளம் எந்தத் தட்டில் உட்காரும்? பாண்ட் மாதிரி மாதாமாதம் சொன்ன தேதிக்கு வருகிறதா, பங்கு மாதிரி ஏறி இறங்கி வருகிறதா? மோஷே மிலெவ்ஸ்கி என்கிற கனடா நாட்டுப் பேராசிரியர் இந்தக் கேள்வியை மட்டும் வைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

சம்பளத்துக்கு ஒரு விலை போடுவது

இனிமேல் வரும் 25 வருஷப் பணத்துக்கு இன்றைய மதிப்பு என்ன? இதில் பலரும் மொத்தச் சம்பளத்தையும் எடுத்துக்கொள்வார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. 60,000 வந்தாலும் 45,000 மளிகை, வாடகை, ஸ்கூல் ஃபீஸ் என்று போய்விடுகிறது. அந்தப் பணம் ஏற்கெனவே பேசி முடித்த பணம். முதலீட்டுக்கு வருவது மாதம் 15,000, அதாவது வருஷம் 1.8 லட்சம். அதைத்தான் கணக்கில் எடுக்கிறேன். சம்பளமும் செலவும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் இன்றைய ரூபாயிலேயே பேசலாம்.

அடுத்து தள்ளுபடி விகிதம். பத்து வருஷம் கழித்து வரும் ஒரு ரூபாய் இன்றைய ஒரு ரூபாய்க்குச் சமம் இல்லை. எவ்வளவு குறைக்கிறோம் என்பது, அந்தப் பணம் வரும் என்று எவ்வளவு நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. அக்காவின் சம்பளத்துக்கு விலைவாசிக்கு மேல் 2 சதவீதம் போட்டேன், கிட்டத்தட்ட ஓர் அரசுப் பத்திரத்தைப் பார்ப்பது மாதிரி. தம்பிக்கு 8 சதவீதம். அவருக்கு நடுவில் வேலை போகலாம், சம்பளம் குறையலாம், 50 வயதில் அதே சம்பளத்துக்கு ஆள் எடுக்காமல் போகலாம்.

அக்காவின் எதிர்காலச் சேமிப்புக்கு இன்றைய மதிப்பு சுமார் 35 லட்சம். தம்பிக்குச் சுமார் 19 லட்சம். மாதம் வருவது அதே 15,000 தான். நம்பகத்தன்மைக்கு மட்டும் 16 லட்சம் வித்தியாசம்.

இப்போது மொத்தச் சொத்தைப் பாருங்க. அக்காவுக்கு 20-ம் 35-ம் சேர்த்து 55 லட்சம். தம்பிக்கு 20-ம் 19-ம் சேர்த்து 39 லட்சம்.

இங்கே ஒரு எண்ணை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளமே இல்லாமல், மொத்தச் சொத்தும் ரொக்கமாகக் கையில் இருந்தால் எத்தனை சதவீதத்தைப் பங்கில் போடுவீங்க? கொஞ்சம் ஜாக்கிரதையான ஆள் என்று நினைத்து 30 சதவீதம் என்று வைக்கிறேன், இரண்டு பேருக்கும் ஒரே எண்.

அக்காவுக்கு 55 லட்சத்தில் 30 சதவீதம் சுமார் 16.5 லட்சம். அவருடைய 35 லட்சச் சம்பளச் சொத்து முழுக்க பாண்ட் மாதிரி. ஆக அந்த 16.5 லட்சமும் கையில் இருக்கும் 20 லட்சத்திலிருந்துதான் வர வேண்டும். அதாவது 83 சதவீதம் பங்கு.

தம்பிக்கு 39 லட்சத்தில் 30 சதவீதம் சுமார் 11.8 லட்சம். ஆனால் அவருடைய சம்பளத்திலேயே ஒரு பகுதி பங்கு மாதிரி நடந்துகொள்கிறது. ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 3.8 லட்சம் அங்கேயே ஆகிவிட்டது. மிச்சம் 8 லட்சத்தைத்தான் கையிலிருந்து பங்கில் வைக்க வேண்டும். 20 லட்சத்தில் 8 லட்சம், 40 சதவீதம்.

ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே சேமிப்பு, ஒரே அளவு தைரியம். ஒருவருக்கு 83, ஒருவருக்கு 40. நிஜத்தில் வைத்திருப்பதோ அக்கா 0, தம்பி 100.

கோட் எழுதுகிறவர்கள் நிறைய பேர் கேட்கிறீங்க, அதனால் இந்தப் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். எண்கள் லட்சத்தில்.

```python
def pv(s, r, n):
    return s * (1 - (1 + r) ** -n) / r

def equity(F, H, target, beta):
    e = (target * (F + H) - beta * H) / F
    return max(0, min(1, e))

equity(20, pv(1.8, 0.02, 25), 0.30, 0.0)  # 0.83
equity(20, pv(1.8, 0.08, 25), 0.30, 0.2)  # 0.40
```

`F` கையில் இருப்பது, `H` சம்பளச் சொத்து, `target` நாம் தேர்ந்தெடுத்த 30 சதவீதம், `beta` சம்பளத்தில் பங்கு மாதிரி ஆடும் பகுதி. அந்தக் கடைசி வரியில் 0.2 இருக்கும் இடத்தில் 0.4 போட்டுப் பாருங்க. தம்பியின் பங்கு அளவு 40-லிருந்து 20 சதவீதமாக இறங்கிவிடும். ஒரு ஊகத்தை மாற்றினால் விடை பாதியாகிறது. அதனால் 40 என்பதைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ளாதீங்க. எந்தத் திசையில் போகணும், எவ்வளவு தூரம் என்று காட்டும், அவ்வளவுதான்.

சம்பளம் கால்பங்கு குறைந்தால் என்ன ஆகும்

சேமிப்பை மட்டும் கணக்கில் எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது நிறைய பேர் கவனிக்காத இடம்.

தம்பியின் கம்பெனி கஷ்டத்தில் இருக்கிறது, வேலையை விட்டு அனுப்பவில்லை, சம்பளத்தைக் கால்பங்கு குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60,000-ல் 15,000 போய்விட்டது. வாடகை குறையாது, ஸ்கூல் ஃபீஸ் குறையாது. சம்பளம் கால்பங்கு குறைந்தபோது சேமிப்பு முழுசாகப் பூஜ்யமாகிவிட்டது. கடன் வாங்கி வியாபாரம் செய்யும் கம்பெனியில் விற்பனை கொஞ்சம் குறைந்தாலும் லாபம் காணாமல் போவது மாதிரிதான் இதுவும். நம்ம வீட்டுச் செலவு வட்டி மாதிரி நிலையாக நிற்கிறது. அதிர்ச்சியெல்லாம் மிச்சத்தின் தலையில்தான் விழும்.

அதனால்தான் "எனக்கு வேலையெல்லாம் போகாதுங்க, என்ன, வேரியபிள் பே வராது, இன்கிரிமென்ட் நிற்கும், அவ்வளவுதான்" என்று சொல்பவர்களின் மனித மூலதனமும் பங்கு மாதிரிதான். ஹவுசிங் லோன் வேறு இருந்தால் இன்னும் இறுக்கம்.

எப்போது ஆடுகிறது என்பதுதான் முக்கியம்

இதுவரை நிலையான வேலை, ஆடும் வேலை என்று இரண்டாகப் பிரித்தோம். அது போதாது. ஆடும் வேலையிலேயே இரண்டு வகை இருக்கு. நம்ம பக்கத்திலேயே இரண்டுக்கும் நல்ல உதாரணம் கிடைக்கும்.

முதலில் தம்பி மாதிரி ஐடி. ஜனவரி 2008-ல் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவால். அக்டோபர் கடைசியில் சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 8,000-க்கும் கீழே போனது. அதே மாதங்களில், அதே அமெரிக்க வங்கிகளை வாடிக்கையாளராக வைத்திருந்த நம்ம ஐடி கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. கேம்பஸில் ஆஃபர் வாங்கிய பல பேருக்குச் சேரும் தேதி தள்ளிக்கொண்டே போனது. போர்ட்ஃபோலியோ பாதியாவதும் வேலை ஆடுவதும் ஒரே காரணத்தால், ஒரே நேரத்தில் நடக்கிறது. இந்தச் சேர்ந்து ஆடும் குணம்தான் `beta`.

இன்னொரு பக்கம் திருப்பூர். ஜனவரி 2011-ல், நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் போடாமல் பனியன் எங்கே போகும்? பின்னல், தையல் என்று சங்கிலி முழுக்க வேலை தடுமாறியது. அதற்கடுத்த ஆண்டுகளில் கோவை ஃபவுண்டரிகளையும் பம்ப் கம்பெனிகளையும் மின்வெட்டு போட்டு எடுத்தது. கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தவர்களைக் கேட்டால் இன்னும் கதை சொல்வார்கள். ஆகஸ்ட் 2025-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் முதல் அடி திருப்பூருக்குத்தான்.

இந்த மூன்றிலும் அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ஆனால் 2008 மாதிரி மொத்தச் சந்தையும் அதோடு சேர்ந்து பாதியாகவில்லை. திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருப்பவரின் வேலை ரிஸ்க் பெரியது, ஆனால் அதில் பெரும்பகுதி அந்த ஊரின், அந்தத் தொழிலின் சொந்த ரிஸ்க். நிஃப்டி ஃபண்டில் இருக்கும் பணம் அந்த நேரத்தில் நன்றாகவே இருக்கலாம்.

இதனால் மருந்தும் வேறாகிறது. திருப்பூர்க்காரருக்குத் தள்ளுபடி விகிதத்தை உயர்த்தணும், சம்பளச் சொத்தின் மதிப்பு குறையும், அதனால் பங்கு அளவு கொஞ்சம் குறையும். ஆனால் `beta` சிறியது. எங்கள் சூத்திரத்தில் 8 சதவீதத் தள்ளுபடியும் பூஜ்ய `beta`-வும் போட்டால் 59 சதவீதம் வருகிறது. அவருக்கு முதல் தேவை அவசர நிதி. பங்கைப் பெரிதாகக் குறைப்பது அதற்குப் பிறகுதான். ஒரு வருஷச் செலவை எஃப்டி-யிலோ லிக்விட் ஃபண்டிலோ போட்டுவிட்டு, மிச்சத்தைப் பங்கில் நிம்மதியாக வைக்கலாம். ஐடி தம்பிக்கு அவசர நிதியும் வேண்டும், பங்கும் குறைய வேண்டும்.

இதில் ஒரு சின்னத் திருத்தம். பங்கு என்றால் எந்தப் பங்கு என்பதும் சேர்ந்துதான். 2022-ஐ எடுத்துக்கோங்க. நிஃப்டி 50 அந்த ஆண்டைக் கொஞ்சம் லாபத்தில் முடித்தது. நிஃப்டி ஐடி குறியீடு கால்பங்கு விழுந்தது. தம்பியின் சம்பளம் ஐடி, ஃபண்டிலும் கால்வாசி ஐடி. எனக்கு இது புரிவதே இல்லை. "எனக்குத் தெரிஞ்ச துறை" என்பார்கள். தெரிந்த துறைதான், அதிலேயே 19 லட்சம் ஏற்கெனவே போட்டிருக்கீங்களே! முதலில் விற்க வேண்டியது அந்த ஐடி ஃபண்ட். கம்பெனியே கொடுக்கும் பங்குகளுக்கும் இதே நியாயம். சத்யம் கணக்கு மோசடி 2009 ஜனவரி 7-ம் தேதி வெளியே வந்தபோது அந்தப் பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. அங்கே வேலை பார்த்து, அந்தப் பங்கையும் கையில் வைத்திருந்தவருக்கு அன்று காலை சம்பளமும் சேமிப்பும் ஒன்றாகக் கேள்விக்குறி.

ஒரு கெட்ட வருஷத்தை ஓட்டிப் பார்ப்போம்

சந்தை 40 சதவீதம் விழுகிறது, அதே நேரத்தில் தம்பிக்கு எட்டு மாதம் வேலை இல்லை. மாதம் 45,000 வீதம் 3.6 லட்சம் வேண்டும்.

இப்போது இருப்பது மாதிரி 20 லட்சமும் பங்கில் இருந்தால், அது 12 லட்சமாகியிருக்கும். அதிலிருந்து 3.6 லட்சம் எடுத்தால் 8.4 லட்சம். யூனிட்டுகளில் 30 சதவீதத்தைக் கீழ் விலையில் விற்றுவிட்டார். பிறகு சந்தை முழுசாகப் பழைய இடத்துக்குத் திரும்பினாலும் அவருக்கு வருவது 14 லட்சம்.

8 லட்சம் பங்கு, 12 லட்சம் எஃப்டி என்று வைத்திருந்தால்? பங்கு 4.8 லட்சமாகும், அதைத் தொடவே வேண்டாம். எஃப்டி 8.4 லட்சமாகக் குறையும். சந்தை திரும்பும்போது பங்கு 8 லட்சம், எஃப்டி 8.4, ஆக மொத்தம் 16.4 லட்சம். எஃப்டி வட்டியைக்கூடச் சேர்க்கவில்லை. 2.4 லட்சம் வித்தியாசம், கட்டாயத்தால் விற்றதற்கு மட்டும்.

அதே வருஷத்தில் அக்காவுக்கு என்ன நடக்கும்? 83 சதவீதம் பங்கில் இருந்தால் 16.6 லட்சம் 10 லட்சமாகத் தெரியும். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் சம்பளம் வந்துகொண்டே இருக்கும், விற்க வேண்டிய கட்டாயம் இல்லை, மாதம் 15,000-க்கு முன்பைவிட அதிக யூனிட் கிடைக்கும். விழுந்த சந்தையில் பொறுமையாக வாங்கும் வசதி ஊரில் அவர் மாதிரி ஆட்களுக்குத்தான் இருக்கு. ஆனால் நம்மூரில் ஆசிரியர் வீட்டுப் பணம் எஃப்டி-க்குப் போகிறது, நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் பணம் ஸ்மால் கேப்புக்குப் போகிறது.

அரசு வேலையும் முழு பாண்ட் இல்லை

அக்காவுக்கு 2 சதவீதம் போட்டது தாராளம் என்று சிலர் சொல்லலாம். கொஞ்சம் நியாயம் உண்டு. ஜூலை 2003 வேலைநிறுத்தத்தின்போது தமிழ்நாடு அரசு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரேயடியாக வேலையைவிட்டு நீக்கியது. பெரும்பாலானவர்கள் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான். 2020-ல் கொரோனா நேரத்தில் அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. அகவிலைப்படி நின்றால் என் கணக்கின் "விலைவாசியோடு ஏறும்" என்ற ஊகத்திலேயே ஓட்டை.

ஓய்வூதியத்தை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. 1.4.2003-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனுக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், நாம் சிபிஎஸ் என்று சொல்வது வந்தது. விதிகள் மாறியிருக்கின்றன, இன்னும் மாறலாம். எந்த வடிவத்தில் வந்தாலும் அது சம்பளத்தின் தொடர்ச்சி மாதிரி பாண்ட் தட்டில்தான் உட்காரும். சேர்த்தால் அக்காவின் பங்கு அளவு ஏறத்தான் செய்யும்.

தள்ளுபடியை 2-க்குப் பதில் 4 சதவீதமாக்கிப் பார்த்தேன். சம்பளச் சொத்து 28 லட்சமாகிறது, பங்கு அளவு 72 சதவீதம். அப்போதும் தம்பியைவிட வெகு தூரம் மேலேதான்.

ஒப்பந்த ஆசிரியர், தற்காலிக விரிவுரையாளர், தனியார் பள்ளி ஆசிரியர் இவர்கள் யாருக்கும் இந்த 2 சதவீதம் பொருந்தாது. "டீச்சர்" என்ற பெயரைப் பார்த்து விகிதம் போடக்கூடாது, நியமன ஆணையைப் பார்த்துப் போடணும்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது

`beta`-வை யாரும் உங்களுக்குக் கணக்குப் போட்டுத் தரமாட்டார்கள். நான் பார்ப்பது இப்படி. முதலில் பழைய சம்பளச் சீட்டுகளை எடுங்க. 2020-ல் மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அதற்கடுத்த ஒரு வருஷம் உங்கள் கையில் வந்தது எவ்வளவு குறைந்தது? நீங்கள் அப்போது வேலையிலேயே இல்லையென்றால், அதே கம்பெனியில் அப்போது இருந்த சீனியரைக் கேளுங்க. சொல்லத் தயங்கமாட்டார்கள், ஒரு டீ போதும்.

அடுத்து, உங்கள் சம்பளத்தின் ஊற்று எங்கே என்று ஒரு படி மேலே போய்ப் பாருங்க. உங்கள் கம்பெனிக்குப் பணம் தருவது யார்? அமெரிக்க வங்கியா, ஸ்டார்ட்-அப் முதலீட்டாளரா, தமிழ்நாடு அரசா, ஆஸ்பத்திரியா? சந்தை விழுந்தால் முதலில் கையை இறுக்குவது யாரோ, அவரிடமிருந்து வரும் சம்பளத்துக்கு `beta` அதிகம். ஸ்டார்ட்-அப் என்றால் 0.4-க்கு மேல் போடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கடைசியாக, வேலை போனால் அதே சம்பளத்துக்கு இன்னொன்று கிடைக்க எவ்வளவு நாள் ஆகும், அதுவும் நல்ல நேரத்தில் இல்லை, எல்லோரும் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில். ஐடியில் நல்ல காலத்தில் இரண்டு வாரத்தில் மூன்று ஆஃபர் வரும். அதை வைத்து "எனக்கு வேலை ரிஸ்க்கே இல்லை" என்று முடிவு செய்வது, வெயில் காலத்தில் ஓட்டு வீட்டைப் பார்த்து ஒழுகாது என்று சொல்வது மாதிரி.

சொந்தத் தொழில் செய்பவர்கள் இந்தச் சூத்திரத்தை அப்படியே போடவேண்டாம். பட்டறையில் இருக்கும் மிஷினும் கடனும் சேர்ந்தே வருமானம் வருவதால், அது தனிக் கணக்கு.

அக்காவுக்கும் தம்பிக்கும்

அக்கா நாளைக்கே 16 லட்சத்தை எஃப்டி-யிலிருந்து எடுத்துச் சந்தையில் போடணுமா? வேண்டாம். 83 என்பது அவருடைய சம்பளம் தாங்கும் அளவு. அவர் மனசு தாங்கும் அளவு இன்னும் யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது, ஏனென்றால் அவர் இதுவரை ஒரு ரூபாய்கூட இறங்கிப் பார்த்ததில்லை. முதல் சரிவில் பயந்து எல்லாவற்றையும் விற்றால் 83 போட்டதற்கு 0 போட்டதே மேல். எஃப்டி-யைத் தொடாமல், இனி வரும் மாதச் சேமிப்பு 15,000 முழுவதையும் ஒரு சாதாரண நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி-யாகப் போடட்டும். முதிரும் எஃப்டி-களில் பாதியை அதே மாதிரி மாற்றலாம். நடுவில் ஒரு சரிவு வரும். அதில் தூங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். 60-ல் நின்றுவிட்டாலும் குறையில்லை.

வயது ஏற ஏற இந்த எண் தானாக இறங்கும். 50 வயதில் அவருக்குப் பணிக்காலம் 10 வருஷம்தான் மிச்சம். மாதம் அதே 15,000 என்றால் சம்பளச் சொத்து 16 லட்சமாகச் சுருங்கியிருக்கும். கையில் அப்போது 60 லட்சம் இருக்கிறது என்று வைத்தால் சூத்திரம் 38 சதவீதம் சொல்கிறது. 100-லிருந்து வயதைக் கழிக்கும் விதியில் இது 50. 35-ல் அந்த விதி அவருக்குக் கம்மி சொன்னது, 50-ல் அதிகம் சொல்கிறது.

தம்பிக்கு வேலை கொஞ்சம் அதிகம். ஐடி ஃபண்ட் 5 லட்சம் முதலில், அது எஃப்டி-க்கோ லிக்விட் ஃபண்டுக்கோ போகட்டும். அதுவே 11 மாதச் செலவு, அவசர நிதி முடிந்தது. பிறகு ஸ்மால் கேப்பைப் படிப்படியாகக் குறைத்து மொத்தப் பங்கை 8 லட்சம் பக்கம் கொண்டுவரணும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளை விற்கும்போது நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். அதனால் மார்ச், ஏப்ரல் என்று இரண்டு நிதியாண்டில் பிரித்து விற்றால் வரி குறையும். வரிக்காக மூன்று, நாலு வருஷம் இழுக்க வேண்டாம். அவருடைய பிஎஃப்-பை மறக்காமல் பாண்ட் பக்கம் எழுதிக்கொள்ளட்டும். அதைச் சேர்த்தால் ஃபண்டில் கொஞ்சம் கூடுதலாக வைக்க இடம் கிடைக்கும்.

அவர் வேலை மாறி, பொதுத்துறைக்கோ மாநில அரசு வேலைக்கோ போனால் இந்தக் கணக்கை அன்றே மறுபடி போடணும். `beta` இறங்கும், தள்ளுபடி இறங்கும், பங்கு ஏறும். அக்கா வேலையை விட்டுவிட்டு ட்யூஷன் சென்டர் ஆரம்பித்தால் அதற்கு எதிர்த்திசை.

வழக்கம்போல: நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லைங்க, கணக்குப் போடத் தெரிந்த ஒரு இன்ஜினியர். மேலே இருக்கும் கோடில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்க. `equity` 1 என்று வந்தால் `target` எண்ணை மறுபடி ஒரு தடவை யோசிச்சுப் போடுங்க. கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு எப்படி மாறும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கீங்க. அது அடுத்த எபிசோட்.